பத்து வருஷக் கதிர்வீச்சு ஒரே நாளிலா?

"சாருக்கு எப்படி இருக்கு டீச்சர்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் குடலில் புற்றுநோய்க் கட்டி அகற்றி இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் மதுரையில் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. போடி ரயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில், "நான் வரல" என்று உட்கார்ந்துவிட்டார்.

"இந்தா பாரு, வருஷத்துக்கு ஒரு மில்லிசீவர்ட்தான் ஜனங்களுக்கு லிமிட்டாம். வயித்து ஸ்கேன் ஒண்ணுல பத்து. பத்து வருஷ லிமிட்டு ஒரே நாள்ல! ஒரு கேன்சரைத் தேடப் போயி இன்னொண்ணை வாங்கிட்டு வரவா?"

முப்பது வருஷம் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதியவர். வாட்ஸ்அப்பில் வந்த அந்த இரண்டு எண்களுமே சரிதான். அதனால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பொட்டிபுரம் நியூட்ரினோ பேச்சு எழுந்த நாளிலிருந்தே நம்ம பக்கம் கதிர்வீச்சு என்றால் பயம் வேறு. அன்றைக்கு ரயிலை விட்டோம். அந்த வாரம் முழுக்கப் படித்தேன்.

எட்டாம் வகுப்பில் வரைபடத் தாளில் நேர்கோடு போட்டோமே, நினைவிருக்கிறதா? கீழ் அச்சில் கதிர்வீச்சு, மேல் அச்சில் புற்றுநோய் அபாயம். ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகள் கவனித்து, கோட்டின் மேல் பகுதிக்குப் புள்ளிகள் கிடைத்தன. சுமார் 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே புள்ளிகள் தெளிவாக இல்லை. அங்கே அதே கோட்டைப் பூஜ்யம் வரை இழுத்துவிட்டார்கள். இதற்கு லீனியர் நோ-த்ரெஷோல்ட் என்று பெயர். வாசற்படியே இல்லாத நேர்கோடு. அதாவது, "இவ்வளவு வரை ஒன்றும் ஆகாது" என்று சொல்ல ஓர் எல்லை கிடையாது. பாதி அளவுக்குப் பாதி அபாயம்.

இந்தக் கோட்டின் மேல்தான் சண்டை. நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது. அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட மிக அதிகம். சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷம் கவனித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. "பார், கோடு தப்பு" என்கிறார்கள் ஒரு சாரார். ஆனால் "தெரியவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றல்ல. கோடு சொல்லும் கூடுதல் மிகச் சிறியது. வயது, புகையிலை என்று ஆயிரம் காரணங்களுக்கு நடுவே அது மறைந்துபோகலாம். 2023-ல் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அணுத்துறைத் தொழிலாளர்கள் 3 லட்சம் பேரின் ஆய்வு வந்தது. அதில், குறைந்த அளவிலும் அபாயம் ஏறுவதாகவே தெரிந்தது.

தீர்ப்பு வராததால், சட்டம் போடுகிறவர்கள் கோட்டையே பிடித்துக்கொள்கிறார்கள். அணு உலை மாதிரி இடங்களால் பொதுமக்களுக்கு ஏற்படும் கூடுதல் கதிர்வீச்சு வருஷத்துக்கு ஒரு மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் அந்த லிமிட். இயற்கையில் வருவதற்கு அது பொருந்தாது. உலகச் சராசரியாக அதுவே வருஷத்துக்கு 2.4. நோயாளிக்கு எடுக்கும் ஸ்கேனுக்கும் அந்த லிமிட் இல்லை, ஏனென்றால் அங்கே பலன் அவருக்கே கிடைக்கிறது. லிமிட் என்பது மலை விளிம்பு அல்ல, தாண்டியதும் விழுவதற்கு.

பிறகு பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவர் கண் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். கோட்டின்படி 1,000 மில்லிசீவர்ட்டுக்கு அபாயம் நூற்றுக்கு ஐந்து. அப்படியானால் 10 மில்லிசீவர்ட்டுக்கு இரண்டாயிரத்தில் ஒன்று. அதுவும் எல்லா வயதினருக்கும் சேர்த்த கணக்கு. கதிர்வீச்சால் புற்றுநோய் வருவதென்றால் பல வருஷம் பிடிக்கும் என்பதால், அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு இன்னும் குறைவு. மறுபக்கம், அவருக்குப் பழைய கட்டி திரும்புகிற வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு.

ஃபுகுஷிமாவில் 2011-ல் கதிர்வீச்சுக்குப் பயந்து மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்தவர்களை அவசரமாக வெளியேற்றினார்கள். அந்த அலைச்சலிலேயே பலர் இறந்தார்கள். கோட்டை எதிர்ப்பவர்கள் சொல்லும் வலுவான வாதம் இதுதான். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அதுதான் சின்ன அளவில் நடக்கப் பார்த்தது.

நோட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப அந்தக் கோட்டால என்னதான் பிரயோசனம்?" என்றார்.

"ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 'இது அவசியமா?'னு கேக்கத்தாங்க. வேண்டாம்னு ஓடறதுக்கு இல்ல" என்றேன்.

மதுரையில் டாக்டரிடம் அவரே கேட்டார். டாக்டர் கோபிக்கவில்லை. "இந்தத் தடவை அவசியம். அடுத்த தடவை ரத்தப் பரிசோதனையைப் பார்த்துட்டு முடிவு செய்வோம்" என்றார்.

நேற்று ஸ்கேன் எடுத்தாயிற்று. ரிப்போர்ட் வியாழக்கிழமை வரும். வந்ததும் எழுதுகிறேன்.