வயர் வெட்டில் ஒரு சாய்வு

ஸ்ரீராம்புரத்திலிருந்து பீன்யா டூல் ரூமுக்குப் போய் இன்று பிரித்தது ஓர் ஏபிஎஸ் டப்பா மூடி. நீளம் 120 மி.மீ. ஆறும்போது சுருங்கும் என்பதால் முதலில் 0.5 சதவீதம் பெருக்கி 120.6 ஆக்கினேன். பார்ட்டிங் லைன் விளிம்பைச் சுற்றி ஓடும், அது சுலபம்.

வயர் நுழையும் பக்க வெட்டில்தான் வேலை. அங்கே பார்ட்டிங் சர்ஃபேஸ் 6 மி.மீ. படியேற வேண்டும். படியைச் செங்குத்தாக விட்டால், மோல்டு மூடும்போதெல்லாம் கோரும் கேவிட்டியும் உரசித் தேயும். அந்த இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து பிசிறு கட்டும். 5 டிகிரி சாய்த்தால் முகங்கள் கடைசியில்தான் தொடும். ஆனால் வெட்டின் வாய் பக்கத்துக்கு அரை மி.மீ. அகலும். கஸ்டமர் சம்மதித்துவிட்டார் (வயருக்கு என்ன கவலை!).

இனி ஸ்டீலில் நீலம் தடவி, அந்தச் சாய்வு முழுக்க ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.