அளவுகோல் வைத்து எடுத்த படம்

நேற்று ஒரு இயற்பியல் ஆசிரியை புகைப்படம் அனுப்பினார். "அக்கா, இது திசைகாட்டிதானே? கண்ணாடி உடைஞ்சுபோச்சு, புதுசு வாங்கணும்."

பெரிதாக்கிப் பார்த்தேன். சாதாரணத் திசைகாட்டியில் 0 முதல் 360 வரை இருக்கும். இதில் 0 முதல் 90 வரை நான்கு கால் வட்டங்கள். நடுவில் குட்டிக் காந்தம், அதற்குச் செங்குத்தாக நீளமான அலுமினிய முள், அடியில் கண்ணாடி. முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும்படி நேர் மேலிருந்து பார்த்து அளவெடுக்கத்தான் அந்தக் கண்ணாடி. டேஞ்சன்ட் கால்வனோமீட்டரின் காம்பஸ் பெட்டி போலத் தெரிந்தது! திசைகாட்டி என்று எழுதிக் கேட்டிருந்தால் கடைக்காரர் வேறொன்றைத்தான் கொடுத்திருப்பார். பிள்ளைகள் விலகு கோணத்தை அளக்கவே முடியாது.

ஆனால் இதே மாதிரிப் பெட்டி விலகு காந்தமானியிலும் உண்டு. படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. "பக்கத்தில் சுருள் சட்டம் இருக்கா?" என்றேன். இருந்தது. பெட்டி அதன் நடுவில் சரியாக உட்கார வேண்டும். அதனால் பெட்டியின் மேல் அளவுகோலை வைத்து, நேர் மேலிருந்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். அதில் தெரிந்த பெட்டியின் விட்டத்தைத்தான் கொள்முதல் கடிதத்தில் முதலில் எழுதினோம்.