நமத்தது வேறு, காறியது வேறு

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகிற சாலையில் காடாம்புலியூரைச் சுற்றி எந்தத் தெருவில் நுழைந்தாலும் முந்திரிதான். சித்திரை வெயிலில் களம் முழுக்கக் கொட்டை காய்கிறது. பெரிய ஆலை என்று சொல்ல முடியாத ஒரு கொட்டகைக்குள் போனேன். வாசலில் கொட்டையை அவிக்கும் கொதிகலன், பின்னால் உடைக்கும் பெண்கள், அதற்கும் பின்னால் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் தரம் பிரிக்கிற மேசை. நான் வந்தது அந்த மேசைக்காகத்தான். பாக்கெட்டில் 240, 320 என்று போட்டிருப்பதற்கும் காசுக்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

மேசையில் இருந்த அக்கா தராசைத் தொடவே இல்லை. இரண்டு கையாலும் பருப்பைப் பரப்பி, விரல் நுனியால் தள்ளி, மூன்று தட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். "இது இருநூத்தி நாப்பது, இது முன்னூத்தி இருவது, இது நானூத்தி அம்பது. கண்ணுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். எனக்கு முதல் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. முதலாளி ஒரு டிஜிட்டல் தராசைக் கொண்டுவந்து வைத்தார்.

கணக்கு இதுதான். டபிள்யூ என்றால் வெள்ளை முழுப்பருப்பு. பின்னால் வரும் எண், ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை பருப்பு நிற்கும் என்பது. டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320 வரை. டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240 வரை. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் பெரிது. வீட்டில் பவுண்டு எடைக்கல் ஏது? அதனால் 100 கிராமுக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம்: 240 தரத்தில் 49 முதல் 53 பருப்பு, 320 தரத்தில் 66 முதல் 70. நடுத்தட்டில் இருந்ததை அள்ளி 100 கிராம் நிறுத்து எண்ணினோம். 68 இருந்தது. அந்த அக்கா எண்ணி முடிக்கும்வரை காத்திருக்கக்கூட இல்லை, அடுத்த குவியலுக்குப் போய்விட்டார்.

பையில் ஒரு பாக்கெட் கொண்டுபோயிருந்தேன். சென்னையில் வாங்கியது, மேலே 240 என்று அச்சடித்திருந்தது. அதையும் நிறுத்து எண்ணினோம்: 100 கிராமுக்கு 61. இது 240-ம் இல்லை, 320-ம் இல்லை. முதலாளி சிரித்துக்கொண்டே பெரிய பருப்புகளை ஒரு பக்கம், சின்னதை ஒரு பக்கம் ஒதுக்கினார். இரண்டு தரத்தைக் கலந்து, விலையை மட்டும் மேல் தரத்துக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாப் பருப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கிறதா என்பதுதான் எண்ணைவிட முதலில் பார்க்க வேண்டியது என்றார். 'ஜம்போ', 'ஸ்பெஷல்' என்று மட்டும் போட்டு எண் போடாத பாக்கெட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. கையை மட்டும் விரித்தார்.

பெரிய பருப்பு ருசியில் உசத்தியா என்று கேட்டேன். இல்லை. தட்டில் வைத்தால் அழகு, பரிசுப் பெட்டியில் எடுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டாகப் பிளந்த பருப்பும், அதைவிட உடைந்த துண்டும் அதே மரத்தின் அதே கொட்டையிலிருந்து வந்தவை. விலை இறங்குவது உடைந்ததால்தான், ருசி குறைந்ததால் அல்ல. லேசாகச் சூடு ஏறிப் பழுப்பு தட்டிய பருப்பு இன்னொரு தரம். அது வெள்ளையாக இல்லை என்பதால் மலிவு. குருமாவுக்கு அரைப்பவர்களுக்கு அந்த நிறத்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

முழுசாக வருவது எவ்வளவு பாடு என்று உடைக்கிற இடத்தில் தெரிந்தது. அவித்த கொட்டையை ஆறவைத்து, கை மெஷினின் இரண்டு வளைந்த கத்திகளுக்கு நடுவே வைத்து, காலால் மிதித்துப் பிளக்கிறார்கள். ஓட்டுக்குள் இருக்கும் கறுப்பு எண்ணெய் தோலில் பட்டால் பொத்துவிடும். கையில் சாம்பலும் எண்ணெயும் தடவிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. ஒரு பெண் காட்டினார். "கல்யாண வீட்டுக்குப் போனா கையை மறைச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டையை வைத்தார். அவர்களுக்கு முழுப்பருப்புக்கு ஒரு கூலி, உடைசலுக்கு அதைவிடக் குறைந்த கூலி. கத்தி ஒரு நூல் தள்ளிப் பட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

உடைத்த பருப்பின் மேல் ஒரு செந்தோல் ஒட்டியிருக்கும். அதை உரிக்க, போர்மா என்கிற சூட்டறையில் பல மணி நேரம் காயவைக்கிறார்கள். காய்ந்தால் பருப்பு சுருங்கி, தோல் நெகிழ்ந்து, விரலால் தேய்த்தாலே கழன்று விழும். காய்ச்சல் போதாவிட்டால் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டிய தழும்பு கண்ணுக்கும் கெடுதி, ஆயுளுக்கும் கெடுதி. எங்கே மேல்தோல் கிழிந்ததோ அங்கே உள்ளிருக்கும் எண்ணெயைக் காற்று தொடும். நன்றாகக் காய்ந்த பருப்போ கண்ணாடி மாதிரி நொறுங்கும். அப்படியே மூட்டை கட்டினால் பாதி தூளாகும். ஆகவே உரித்த பிறகு கொஞ்சம் ஈரம் குடிக்க விடுகிறார்கள். அந்த ஈரம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குக் கீழே இருக்கும்போது காற்றை எடுத்துவிட்டு, நைட்ரஜனோ கரியமில வாயுவோ நிரப்பி மூடிவிடுவார்கள். ஏற்றுமதி டின்னில் 11.34 கிலோ என்று விசித்திரமான எடை இருப்பது இதே பவுண்டுக் கணக்கால்தான்: 25 பவுண்டு.

இங்கேதான் முதலாளி ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். வாங்குகிறவர்கள் நமத்த பருப்பையும் காறிய பருப்பையும் ஒன்றாக நினைக்கிறார்கள். நமத்தது என்றால் ஈரம் ஏறியது. கடித்தால் 'டக்' என்று உடையாமல் ரப்பர் மாதிரி அமுங்கும், ஆனால் வாடை இருக்காது. பூஞ்சையோ புழுவோ வராதவரை, அடிகனமான வாணலியில் சின்னத் தீயில் பத்து நிமிடம் புரட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். காறியது அப்படியல்ல. அதிலிருக்கிற எண்ணெயே காற்றோடு சேர்ந்து கெட்டுப்போனது. வறுத்தால் வாடை கொஞ்ச நேரம் அடங்கும், ஆறினதும் மறுபடி வரும். அதைத் திருத்த வழியில்லை.

காறலைக் கண்டுபிடிக்க அவர் செய்து காட்டினார். பருப்பை வெளியே முகர்ந்தால் போதாது, இரண்டாகப் பிளந்து உள்பக்கத்தை முகர வேண்டும். நல்ல பருப்புக்குள் பாலாடை மாதிரி வெள்ளை, லேசான இனிப்பு வாசம். பழசானதில் ஓரம் மஞ்சளாகி, எண்ணெய் ஊறிய காகிதம் போல மினுங்கும். பழைய எண்ணெய்ச் சட்டியின் வாடை வரும். வாடை தெரியவில்லை என்றால் மென்று பார்க்க வேண்டும், விழுங்கிய பிறகும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். காறல் நாக்கில் முதலில் வராது. கடைசியில் தொண்டையைக் கீறும். கடைக்காரர் ஒன்று எடுத்துக் கொடுக்கும்போது வாயில் போட்டுக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தால் இது தவறிவிடும். உப்பும் மிளகும் தூவி வறுத்த முந்திரியில் இந்தச் சோதனை சரியாக வேலை செய்யாது. அதனால் நான் வறுத்ததை வாங்குவதில்லை. பச்சையாக வாங்கி வீட்டில் வறுத்துக்கொள்கிறேன்.

பாக்கெட்டின் அடியில் மாவு மாதிரி தூளும், பருப்புகளை இணைக்கிற மெல்லிய நூலும் தெரிந்தால் புழு வந்தாயிற்று. அதைச் சலித்து, வெயிலில் போட்டுத் தின்பவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். பூஞ்சை பிடித்ததைத் துடைத்துத் தின்பது இன்னும் மோசம். பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் போகாது.

இனி வீட்டுக் கணக்கு. டபிள்யூ 320-ல் ஒரு பருப்பு ஏறக்குறைய ஒன்றரை கிராம். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்குத் தினம் ஐந்து என்றால் 20 பருப்பு, 29 கிராம். கால் கிலோ ஒன்பது நாளுக்கு வரும். தினம் தின்னாமல் பொங்கலுக்கும் பாயசத்துக்கும் வாரம் பத்துப் பன்னிரண்டு மட்டும் போடுகிற வீட்டில் 100 கிராம் ஒரு மாதத்தைத் தாண்டும். அந்த வீட்டுக்குப் பிளந்த பருப்பே போதும். எப்படியும் நெய்யில் வறுக்கும் முன் பிளக்கத்தானே போகிறோம்? தீபாவளிக்கு முந்திரி கேக் போடுகிறவர்கள் துண்டை அரைக்கிலோ, ஒரு வாரம் முன்னால் வாங்கினால் சரி. உடைந்தது சீக்கிரம் காறும் என்பதால் மலிவாயிற்றே என்று இரண்டு கிலோ கட்டி வைப்பது லாபமில்லை.

வெளி அலமாரியில் கோடைகாலச் சமையலறைச் சூட்டில் ஒரு மாதத்துக்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்கு மேல் என்றால் இறுக மூடிய டப்பாவில் குளிர்பெட்டிக்குள். பருப்பு வெங்காய வாடையைக் குடித்துவிடும், அதனால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். எடுத்தவுடன் திறக்காமல் டப்பா வெளிச்சூட்டுக்கு வரும்வரை விட வேண்டும்; இல்லையென்றால் குளிர்ந்த பருப்பின் மேல் ஈரம் படிந்து நமத்துவிடும்.

எங்கள் வீட்டில் முந்திரியையும் திராட்சையையும் ஒரே டப்பாவில் போடுவது வழக்கமாக இருந்தது. அந்தக் கொட்டகையில் ஈரக் கணக்கைக் கேட்ட பிறகு அதை நிறுத்தினோம். உலர் திராட்சையில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கும். முந்திரியில் 5. பக்கத்தில் வைத்தால் ஈரம் திராட்சையிலிருந்து முந்திரிக்குப் போகும். திராட்சை கட்டியாகும், முந்திரி நமக்கும். கலவையாகக் கட்டி விற்கிற பாக்கெட்டில் நடப்பதும் இதுதான்.

வால்நட்டுக்கு வெளி அலமாரியில் ஒரு மாதம் என்கிற சலுகைகூட இல்லை. முந்திரி எண்ணெயில் பாதிக்கு மேல் சீக்கிரம் கெடாத வகை. வால்நட்டில் எண்ணெயும் அதிகம், அதில் பெரும்பகுதி வேகமாகக் கெடும் வகை. கெட்டால் வார்னிஷ் வாடை அடிக்கும். வெளிறிய நிறத்தில் இருப்பதாகப் பார்த்து, ஒன்றை மென்று, 100 கிராம் மட்டும் வாங்கி, கடையிலிருந்து நேரே குளிர்பெட்டிக்குள் வைக்கிறேன்.