அந்தச் சேனல் நான் இல்லை



பத்து நாளாக ஒரே கேள்வி. "சார், கணக்கு முக்கிய வினா பிடிஎஃப் 499 ரூபாய்க்கு விக்கிறீங்களாமே?" நான் எதையும் விற்கவில்லை. இதை இங்கே விவரமாகவே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 ஊரடங்கில் ஜமுனாமரத்தூர் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்று கைப்பேசியில் பாடம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவற்றையே யூடியூப்பில் ஏற்றினேன். அதில் பத்தாம் வகுப்பு 'உயரங்களும் தொலைவுகளும்' பாடம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கோலப்பன் ஏரிக் கரையில் நின்று, கோணமானியில் நூலும் கல்லும் கட்டி ஒரு மரத்தின் உயரத்தை அளந்தேனே, அதுதான்.

விஷயம் தெரிய வந்தது ஒரு தகப்பனார் மூலம். சாமை அறுத்து விற்ற காசில் மகளுக்காக 499 ரூபாய் ஜிபே செய்திருக்கிறார். வந்தது பழைய வினாத்தாள், அதுவும் மங்கலான படம். "வாத்தியார் பேருல இருந்துச்சு, அதான் நம்பிப் போட்டேன்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் தேடினேன். என் பெயர், என் புகைப்படம், என் வீடியோ 11. மேல் ஓரத்தில் இருந்த என் சேனல் பெயர் தெரியாதபடி படத்தைப் பெரிதாக்கி வெட்டியிருந்தார்கள். குரலையும் லேசாகக் கீச்சென்று ஏற்றியிருந்தார்கள். தானாகப் பொருத்திப் பார்க்கும் கருவியை ஏமாற்றச் செய்கிற வேலை இது. ஆனால் ஏழாவது நிமிடத்தில் "சும்மா இருடா கருப்பா" என்று நாயை அதட்டுகிறேன் பாருங்கள், அதை வெட்ட மறந்துவிட்டார்கள். கருப்பன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்குச் சாட்சி சொன்னது அவன்தான்.

தேடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. தலைப்பை அப்படியே போட்டுத் தேடி, புதிதாக ஏற்றியவை முதலில் வரும்படி வடிகட்டினால் பாதி கிடைத்துவிடும். யூடியூப் ஸ்டூடியோவில் காப்பிரைட் மேட்ச் டூல் என்று ஒன்று உண்டு. முறையான நீக்கக் கோரிக்கை ஒன்று ஏற்கப்பட்ட பிறகு என்னைப் போன்ற சிறு சேனல்காரருக்கும் அது திறக்கும். முழு வீடியோவையோ ஏறக்குறைய முழு வீடியோவையோ திரும்ப ஏற்றியிருந்தால் காட்டும். ஒரு நிமிடத் துண்டை அதை நம்பித் தேட முடியாது. நமக்குப் பிறகு ஏற்றியதைத்தான் அது பார்க்கும் என்பது இன்னொரு விஷயம். என் வாட்ஸ்அப் பாடங்களில் இரண்டை, நான் யூடியூப்புக்கு வருவதற்கு முன்பே யாரோ ஏற்றிவிட்டிருந்தார்கள். தேதியைப் பார்த்தால் அவர்தான் மூலம், நான்தான் திருடன்! நல்லவேளை, பழைய கைப்பேசியின் மெமரி கார்டில் அசல் கோப்புகள் அப்படியே இருந்தன. உங்களில் வீடியோ போடுகிறவர்கள் அசலை அழிக்காதீர்கள்.

புகார் கொடுப்பதற்கு முன் அந்தச் சேனலின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். பணம் கேட்ட எண்ணையும், UC என்று தொடங்கும் சேனல் ஐடியையும் குறித்துக்கொண்டேன். பெயரையும் @ போட்ட ஹேண்டிலையும் மாற்றிக்கொண்டு போய்விடலாம், அந்த ஐடி மாறாது. வீடியோ நீங்கிய பிறகு போலீசுக்குக் காட்ட நம் கையில் வேறொன்றும் இருக்காது.

பிறகு ஸ்டூடியோவில் காப்பிரைட் பகுதிக்குப் போய் நீக்கக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பினேன். சேனல் முகவரி மட்டும் கொடுத்தால் போதாது, 11 வீடியோவின் முகவரியும் தனித்தனியாக வேண்டும். உரிமையாளர் என்று நாம் எழுதும் பெயர், நீக்கிய வீடியோவின் இடத்தில் எல்லாருக்கும் தெரியும். மின்னஞ்சல் எதிராளிக்குப் போகும். அதனால் பேரன் சொன்னபடி இதற்கென்று தனி மின்னஞ்சல் தொடங்கினேன். உடனே நீக்கலாம், அல்லது ஏழு நாள் அவகாசம் கொடுத்து அவர்களையே எடுக்கச் சொல்லலாம். அவகாசத்துக்குள் அவர்களே எடுத்துவிட்டால் ஸ்ட்ரைக் விழாது. பணம் பறித்தவனுக்கு என்ன அவகாசம்? உடனே என்றேன்.

இங்கேதான் ஒரு தப்புச் செய்தேன். கோபத்தில், தேடலில் வந்த இன்னொரு வீடியோவையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அது போளூரில் டியூஷன் நடத்தும் என் பழைய மாணவனுடையது. "சார், நீங்களேவா?" என்று போன் செய்தான். 2022இல் நானே வாய் நிறைய "எடுத்துக்கோடா" என்று சொல்லியிருக்கிறேன், மறந்தே போச்சு. அவன் சேனலில் ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். அன்றைக்கே கோரிக்கையைத் திரும்பப் பெற்றேன், அவன் வீடியோ மீண்டது. தெரிந்தே பொய்யாகப் புகார் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்று அந்தப் படிவத்திலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்காமல் டிக் அடித்தேன். பரீட்சையில் கேள்வியை முழுசாகப் படி என்று முப்பது வருஷம் உங்களைத் திட்டியவன் நான். சிரிக்க வேண்டாம்.

11 வீடியோவும் நீங்கின. வேலை முடிந்தது என்று நினைத்தேன். நான்காம் நாள், என் உண்மையான வீடியோவின் கீழேயே என் படத்தோடு ஒரு கமெண்ட்: "வாட்ஸ்அப்பில் வாருங்கள்." சேனல் அப்படியே இருந்தது! பதிப்புரிமைப் புகார் வீடியோவைத்தான் எடுக்கும். என் பெயரையும் முகத்தையும் வைத்துக்கொண்டு நான் என்று சொல்வது ஆள்மாறாட்டம், அதற்குக் கதவு வேறு. அந்தச் சேனல் பக்கத்துக்கே போய், விவரப் பகுதியில் உள்ள கொடிக் குறியை அழுத்தி, ஆள்மாறாட்டம் என்று தேர்ந்தெடுத்து, யாரைப்போல நடிக்கிறது என்பதற்கு என் அசல் சேனலைக் காட்ட வேண்டும். கமெண்ட்டை நீக்கி, அந்த ஆளை என் சேனலிலிருந்து மறைத்தும் வைத்தேன். ரஜினிகாந்தே 2023 ஜனவரியில் தன் பெயர், படம், குரலை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாதென்று வக்கீல் மூலம் அறிவிப்பு விட வேண்டியிருந்தது. மலைமேல் இருக்கிற கணக்கு வாத்தியாருக்குக் கொடிக் குறிதான். இப்போது அந்தச் சேனல் இல்லை.

தகப்பனாரை உட்கார வைத்து 1930க்குப் போன் செய்தோம், cybercrime.gov.in தளத்திலும் பதிந்தோம். அவர் சொல்லவே கூச்சப்பட்டு ஒன்பது நாள் விட்டுவிட்டார். பணம் போன உடனே அழைத்திருந்தால், அது வேறு கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்த வாய்ப்பு அதிகம். இதுவரை அந்த 499 திரும்பவில்லை. என் கையிலிருந்து கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். மகளுக்கு மாதிரி வினாத்தாள்களை நானே அச்செடுத்துக் கொடுத்தேன்.

உங்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். என் வீடியோவின் கீழ் நான் பதில் எழுதினால் என் பெயர் மட்டும் நிறக் கட்டத்துக்குள் தெரியும். வேறு யார் என் படத்தை வைத்து எழுதினாலும் அப்படி வராது. சந்தேகம் வந்தால் பெயரைத் தொட்டு ஹேண்டிலைப் பாருங்கள். பெயர் எத்தனை பேருக்கும் ஒன்றாக இருக்கலாம், ஹேண்டில் ஒருவருக்குத்தான்.

இனி இப்படி எதையாவது பார்த்தால் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள், வீடியோவின் லிங்க்கையும் அனுப்புங்கள். எனக்காகக் கோபப்பட்டு நீங்களே பதிப்புரிமைப் புகார் போட வேண்டாம். உரிமையாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் போடலாம்.

இன்னும் ஒரு நகல் பாக்கி இருக்கிறது. ஆம்பூர்ப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் ஆர்வத்தில் ஏற்றியது போலத் தெரிகிறது, பணமெல்லாம் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும் ஏழு நாள் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை முடிகிறது.