இலத்தீனில் இளகிய மறுப்பு

பிரெஞ்சு வழியில் படித்ததால் உத்தியோகத்தில் எனக்குப் பெரிய பயன் ஒன்றும் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அது கை கொடுக்கிறது. நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைப் படிக்கிறேன். அலேன் பேரெஃபித் 1989ல் எழுதிய 'லாம்பீர் இம்மோபில்' அவற்றில் ஒன்று. 1793ல் சீனப் பேரரசரிடம் இங்கிலாந்து அனுப்பிய தூதுக்குழுவின் கதை.

தூதர் மெக்கார்ட்னி பிரபு நமக்கு அந்நியரல்லர். 1781 முதல் 1785 வரை சென்னை கவர்னர். நம் சேலம், நாமக்கல் பகுதி அப்போது மைசூர் ஆட்சியில் இருந்தது. திப்புவுடன் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தானது இவர் காலத்தில்தான். துபாஷிகளை வைத்து அலுவல் பார்த்துப் பழகிய மனிதர். ஆனால் சீனத்துக்குப் போகும்போது அவர் குழுவில் சீனம் தெரிந்த ஆங்கில அதிகாரி ஒருவர்கூட இல்லை. நேப்பிள்ஸில் குருப்பட்டத்துக்குப் படித்த லீ என்ற சீனரை அழைத்துப் போனார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனவே இரு தரப்புக்கும் நடுவே இலத்தீன் புகுந்தது.

இங்கிலாந்து கேட்டவை இவை: பீக்கிங்கில் நிரந்தரத் தூதர், கூடுதல் துறைமுகங்களில் வணிகம், சரக்கு வைக்க ஒரு சிறு தீவு. பேரரசர் சியென்லுங் எல்லாவற்றையும் மறுத்தார். மறுத்த விதம்தான் கடுமை. இங்கிலாந்து மன்னரைக் கடலுக்கு அப்பாலிருந்து பணிவோடு கப்பம் அனுப்பிய சிற்றரசராகவே அவருடைய ஆணை நடத்தியது. உங்கள் பொருள்கள் எங்களுக்குத் தேவையே இல்லை என்றும் சொன்னது.

இந்த ஆணையை இலத்தீனில் பெயர்க்கும் வேலை அரண்மனையில் இருந்த பிரெஞ்சுப் பாதிரிகள் புவாரோ, ரோ ஆகியோருக்கு வந்தது. இலத்தீனுக்கு அரண்மனை பாதிரிகளையே நம்பியிருந்தது. மூலத்தின் இறுமாப்பான சொற்களைத் தணித்து, மன்னருக்கு மரியாதையான சொற்களைச் சேர்த்ததை அடுத்த ஆண்டு புவாரோவே மெக்கார்ட்னிக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார்.

பேரரசரின் வாக்கை மாற்றுவது விளையாட்டல்ல. தெரிந்தால் அவர்கள் கதி என்ன ஆகியிருக்கும்? அரண்மனை ஊழியத்தில் சேர்ந்த பாதிரி ஊர் திரும்புவதும் அரிது. ரோவும் புவாரோவும் பீக்கிங்கிலேயே இறந்தார்கள். செய்ததை மனதில் வைத்துக்கொண்டு, அதே அரண்மனையில், அதே அதிகாரிகள் முன்னால் மீதி நாட்களைக் கழித்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் 'இல்லை' என்பதை 'ஆம்' என்று மாற்றவில்லை. கேட்ட ஒவ்வொன்றுக்கும் மறுப்பு இலத்தீனிலும் இருந்தது. மாறியது, பேசுகிறவர் எந்த உயரத்திலிருந்து பேசுகிறார் என்பது மட்டும்தான். அதுதான் முக்கியமான செய்தி என்பது என் எண்ணம். ஒருவர் இன்று மறுத்தால் நாளை வேறு விதமாகக் கேட்டுப் பார்க்கலாம். நம்மைச் சமமாகவே நினைக்காதவரிடம் எப்படிக் கேட்டாலும் ஒன்றுதான்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தலைமை எழுத்தர் இருந்தார். மனுக் கொடுக்க வரும் விவசாயிகளைப் பற்றி அதிகாரி ஆங்கிலத்தில் எரிந்து விழுவார். இவர் வெளியே வந்து, "பெரியவரே, இப்போதைக்கு ஆகாதுங்க, ஐயா பார்க்கிறேன்னு சொல்றாங்க" என்பார். கிழவர் கும்பிட்டுவிட்டுப் போவார். அவர் காதில் 'ஆகாது' விழவில்லை, 'இப்போதைக்கு' என்பதுதான் விழுந்தது. அடுத்த மாதம் பஸ்ஸுக்குக் காசு செலவழித்து மறுபடி வந்து நிற்பார். தலைமை எழுத்தர் அவரைக் கண்டால் பின் அறைக்குப் போய்விடுவார். நல்ல மனிதர்தான், அந்த நல்ல மனதுக்கு விலை கொடுத்தவர் கிழவர்.

இங்கிலாந்தும் மறுபடி போனது. 1816ல் ஆம்ஹர்ஸ்ட் பிரபு தலைமையில் இரண்டாவது தூது. பேரரசர் முன் நெற்றி நிலத்தில் பட வணங்குவதா என்ற தகராறிலேயே, பேரரசரைப் பார்க்காமல் அது திருப்பி அனுப்பப்பட்டது. இதற்குப் பாதிரிகளின் இலத்தீன்தான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. தன் படகுகளின் கொடிகளில் 'கப்பம் கொண்டுவரும் தூதர்' என்று சீனத்தில் எழுதியிருந்தது மெக்கார்ட்னிக்கே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தார். ஆனால் ஆணையின் மூலத்தை ஆங்கில வாசகர்கள் முழுமையாகப் படிக்க 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு அபினிப் போர்கள் முடிந்துவிட்டன.

புவாரோவின் கடிதத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். சொல்லைத் தணித்தவர், தணித்ததையும் உரியவரிடம் சொல்லிவிட்டார். பீக்கிங்கில் இருந்துகொண்டு அதைக் காகிதத்தில் எழுதியதற்குத் துணிச்சல் வேண்டும். எங்கள் தலைமை எழுத்தரும் அந்தக் கிழவரைத் தனியே அழைத்து, "ஐயா, இது நடக்காது, இனி அலையாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பணிவான சொல் கெட்டதல்ல. அதற்கு அடியில் இருக்கும் 'இல்லை' கேட்பவர் காதில் விழுந்ததா என்பதைப் பார்ப்பதும் நடுவில் நிற்பவரின் வேலைதான்.