அட்மின் அண்ணனுக்கு நாலு வரி

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் பத்து வருஷம் ஆகிறது, அட்மின் அண்ணனுக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதிக் கொடு என்று கேட்டார்கள். துபாயில் இருக்கிறவன் கொஞ்சம் எழுதவும் செய்வான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஊருக்குப் போய்ப் பல வருஷமாகிவிட்டதால், அவரை நேரில் பார்த்துவிட்டே எழுதலாம் என்று கிளம்பினேன்.

பெரம்பலூருக்கு இன்றும் ரயில் கிடையாது. அரியலூரில் இறங்கி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பஸ்ஸில்தான் போக வேண்டும். நான் ஊரை விட்டுப் போனபோது இல்லாத ஒன்று, 2022இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி. குழுவுக்கு வரும் ரத்தக் கோரிக்கைகளில் பாதி அங்கிருந்துதான் என்றார் அண்ணன். அவருக்குப் பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை. ஒரு பகல் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன்.

2015இல் தொடங்கியபோது ஒரு குழுவில் நூறு பேருக்குத்தான் இடம். தெருவுக்குப் பத்துப் பேர் என்று பிரித்தும், விட்டுப்போன பங்காளிகள் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லையாம். அடுத்த வருஷம் வாட்ஸ்அப் அதை 256 ஆக்கியது. இப்போது 1,024. சண்டை மட்டும் குறையவில்லை என்று சிரித்தார்.

நான் இருக்கும்போதே ஒரு செய்தி விழுந்தது: ‘அவசரம்! ஓ நெகட்டிவ் தேவை. அதிகம் பகிரவும்.’ தேதி இல்லை, வார்டு இல்லை, ஒரு போன் நம்பர் மட்டும். அண்ணன் கூப்பிட்டார். எதிர்முனையில் சலித்த குரல்: “அது ஆடி மாசங்க. அம்மா வீட்டுக்கு வந்து ரொம்ப நாளாச்சு. இன்னமும் போன் வந்துட்டே இருக்கு.” செய்தியை அழித்துவிட்டு, போட்டவரிடம் தனியாகச் சொன்னார். குழுவில் வைத்துத் திட்டினால் அவர் மறுபடி எதையும் போட மாட்டார், நல்லதையும் சேர்த்து.

மதியம் வந்தது நிஜம். பிரசவ வார்டு, பி பாசிட்டிவ், இரண்டு யூனிட். நோயாளி பெயர், வார்டு, எத்தனை மணிக்குள் வேண்டும், கூட இருப்பவர் யார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். குழுவில் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. நீள நோட்டு ஒன்றை எடுத்தார். பக்கத்துக்கு ஒரு ரத்த வகை, பெயருக்கு எதிரே கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டும். அது தாண்டியவர்களில் மூன்று பேரைக் கூப்பிட்டார். இரண்டு பேர் கிளம்பினார்கள்.

“குரூப்புல போட்டா நூறு பேரு கும்பிடு போடுவான் தம்பி, யாராச்சும் போவாங்கன்னு எல்லாரும் இருந்துருவான். பேரச் சொல்லிக் கூப்பிட்டா எந்திரிச்சுப் போவான்” என்றார். நோட்டில் ஆள் கிடைக்காத போதுதான் குழு. அப்படிப் போட்டால், வேலை முடிந்ததும் ‘தேவை முடிந்தது’ என்று அதே செய்திக்குக் கீழே எழுதிவிடுவார். இந்த இரண்டு வார்த்தை இல்லாததால்தான் அந்த ஆடி மாதத்துக்காரருக்கு இன்னும் போன் போகிறது.

பயமும் இருந்திருக்கிறது. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடி, போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மாளைக் கூட்டம் அடித்தே கொன்றது. அந்த வாரம் எங்கள் குழுவிலும் அதே மாதிரிப் படங்கள் வந்தன. அண்ணன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மற்றவர் செய்திக்கு நம்மை உள்ளே வைப்பார்களோ என்ற கவலை வேறு. கரூர் வக்கீல்கள் குழு ஒன்றின் அட்மின் மீதான வழக்கில், அட்மினாக இருந்தார் என்பது மட்டுமே என்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அந்தச் செய்தி வந்த பேப்பர் துண்டு கடைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. சம்பளம் இல்லாத வேலைக்கு வக்கீல் செலவு இல்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த போனஸ்.

‘தன்னலமற்ற’, ‘அயராத’ எதுவும் இல்லாமல் இப்படி எழுதிக் கொடுத்தேன்:

‘அண்ணே, பத்து வருஷமா ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுத்தீங்க. உங்க நோட்டால எங்க வீடுகள்ல பிரசவங்கள் நல்லபடியா முடிஞ்சது. 2018ல எங்க கையையும் வாயையும் கட்டி வச்சீங்க. எங்க சண்டைய ஒருத்தருக்கும் தெரியாம அழிச்சீங்க. ரொம்ப நன்றி. இனி ராத்திரிய நாங்க பாத்துக்குறோம்.’

கடைசி வரியை அவரைக் கேட்டுத்தான் சேர்த்தேன். “நன்றியெல்லாம் சரி தம்பி, பத்து மணிக்கு மேல பாக்க ஒரு ஆளு வேணும்” என்றிருந்தார். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். ஊரில் நள்ளிரவு என்றால் எனக்குப் பத்தரை. அங்கே வாட்ஸ்அப் அழைப்பு போகாது, சாதாரண போனில் பேசிக்கொள்ளலாம். நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து வந்திருக்கிறேன். இப்போது குழுவுக்கு இரண்டு அட்மின்.