அன்றிரவே ஒரு மின்னஞ்சல்

வீட்டுத்திட்டப் பட்டியலில் உம்மாவின் பெயரில்லை. முறையிடப் போனோம். "ரெண்டு கிழமையில சரிபண்ணித் தாறன், கடிதம் ஒண்டும் வேணாம்" என்றார் அதிகாரி.

எருக்கலம்பிட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் உம்மா சொன்னா: "தொண்ணூறுல புலிகள் எங்கள வெளியேறச் சொன்னதும் ஸ்பீக்கர்லதான். கையில ஒரு துண்டு கடுதாசி இல்ல."

அன்றிரவே மின்னஞ்சல் எழுதினேன்: சந்தித்த திகதி, நேரம், கூட இருந்தவர்கள், நாங்கள் சொன்னது, அவர் ஒப்புக்கொண்டது, அவர் தந்த தவணை. கோபத்தையோ புது முறைப்பாட்டையோ சேர்க்கவில்லை. கடைசி வரி: "இதில் பிழையிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் அறியத்தாருங்கள்."

பதிலில்லை. மௌனம் சம்மதமாகாதுதான். ஆனால் அவர் இடமாற்றமாகிப் போனபின், "முறைப்பாடு ஒண்டும் ஃபைல்ல இல்லையே" என்ற புதியவரிடம் அந்த மின்னஞ்சலைக் காட்டினேன். திகதியைப் பார்த்தார். பிரதியெடுத்து ஃபைலில் போட்டார். உம்மாவின் பெயர் இன்னும் வரவில்லை, முறைப்பாடு இருக்கிறது.